கால் கிலோ கறிக்குப் பின்னால் ஒரு கணக்கு அட்டை! - பல்லடம் கோழிப்பண்ணைகளின் 40 நாள் டைரி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. கோவை ஆர்.எஸ்.புரத்தில் கோழிக்கடை முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. பையோடு நிற்பவர்களின் கண் முதலில் போவது விலைப் பலகைக்குத்தான். உயிர்க்கோழி ஒரு விலை, தோல் நீக்கியது ஒரு விலை. நேற்றைவிட ஐந்து ரூபாய் ஏறியிருந்தால் ஒரு முணுமுணுப்பு, இறங்கியிருந்தால் அரை கிலோ கூடுதல்.

கூண்டில் இருக்கும் கோழி ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். வயது 40 நாள், சில நாள் முன்பின். அந்த இரண்டு கிலோவாக வளர அது சாப்பிட்ட தீவனம் ஏறக்குறைய மூன்றேகால் கிலோ. தோல், இறகு, குடல், தலை, கால் எல்லாம் போக நமக்குக் கிடைக்கும் கறி உயிர் எடையில் சுமார் 70 சதவிகிதம்தான். ஆக, பையில் விழும் ஒவ்வொரு கிலோ கறிக்கும் இரண்டே கால் கிலோவுக்கு மேல் மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனம் செலவாகியிருக்கிறது.

இந்தக் கணக்கைக் கடைக்காரர் போடுவதில்லை. சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, பல்லடம் பக்கத்து ஷெட் ஒன்றின் கதவோரம் ஆணியில் தொங்கும் அட்டையில்தான் அது எழுதப்படுகிறது. 

நாமக்கல் என்றால் முட்டை, பல்லடம் என்றால் கறிக்கோழி. தமிழ்நாட்டில் கறிக்கோழியின் பண்ணை விலையைத் தினமும் அறிவிப்பது பல்லடத்தில் உள்ள பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு. பக்கத்து உடுமலைப்பேட்டையில் 1984-ல் சகோதரர்கள் இருவர் தொடங்கிய சுகுணா நிறுவனம், அடுத்த சில ஆண்டுகளில் ஒப்பந்த முறைப் பண்ணைகளைக் கையிலெடுத்தது. இன்று கொங்குப் பகுதியில் கறிக்கோழி வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில்தான் வளர்க்கிறார்கள்.

ஏற்பாடு எளிமையானது. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனத்தினுடையது. ஷெட், கரன்ட், தண்ணீர், தரையில் போடும் தென்னை நார்க்கழிவு, உழைப்பு இவையெல்லாம் விவசாயியினுடையது. கோழி எடை போட்டு லாரி ஏறியதும் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி. அந்தக் கூலி எல்லாருக்கும் ஒன்றல்ல. குறைந்த தீவனத்தில் கூடுதல் எடை கொடுத்தவருக்கு ஊக்கத்தொகை உண்டு. தீவனம் கூடுதலாகச் செலவழிந்திருந்தால் பிடித்தம் உண்டு. கோழி விலை ஏறுவதும் இறங்குவதும் இவர்கள் கையில் இல்லை. அட்டையில் இருக்கும் இரண்டு எண்கள்தான் இவர்களின் சம்பளத்தைத் தீர்மானிக்கின்றன. ஒன்று எஃப்.சி.ஆர். எனப்படும் தீவன மாற்று விகிதம். மற்றொன்று இறப்பு சதவிகிதம். ஷெட் பாஷையில் 'மார்ட்டாலிட்டி'.

5,000 குஞ்சு, 332 மூட்டை

ஒரு ஷெட்டை எடுத்துக்கொள்வோம். 5,000 குஞ்சுகள் இறங்கின. 40 நாள் வளர்ந்து, 41-ம் நாள் விடிகாலையில் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். போனவை 4,760 கோழிகள். மொத்த எடை 10,000 கிலோ. அதாவது கோழி ஒன்று சராசரியாக 2.1 கிலோ.

இறந்தவை 240. இதை 5,000-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 4.8 சதவிகிதம். இங்கே ஒரு சின்னக் கவனம் வேண்டும். மொத்த இறப்பு சதவிகிதத்துக்கு வகுக்கும் எண் எப்போதும் இறங்கிய குஞ்சுகளின் எண்ணிக்கைதான். இன்றைக்கு மட்டும் எத்தனை சதவிகிதம் என்று பார்க்கும்போதுதான், அன்று காலை உயிரோடு இருந்த கோழிகளால் வகுக்க வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் இரண்டுமே பிசகும்.

அடுத்தது தீவனம். வந்தவை 340 மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ. கடைசியில் பிரிக்காமல் திருப்பி அனுப்பியவை 8 மூட்டை. செலவானது 332 மூட்டை, அதாவது 16,600 கிலோ. இதைக் கோழி எடையான 10,000-ஆல் வகுத்தால் 1.66. ஒரு கிலோ கோழிக்கு 1.66 கிலோ தீவனம் ஆனது. இதுதான் எஃப்.சி.ஆர். இந்த எண் குறையக் குறைய நல்லது.

திருப்பிய அந்த 8 மூட்டையைக் கழிக்க மறந்துவிட்டால் என்ன ஆகும்? 17,000-ஐ 10,000-ஆல் வகுக்க வேண்டிவரும்; விடை 1.70. காகிதத்தில் நான்கு புள்ளி வித்தியாசம் சின்னதாகத்தான் தெரியும். ஆனால், இந்த ஷெட்டில் 0.01 என்பது 100 கிலோ தீவனம், அதாவது இரண்டு மூட்டை. தீவனம் கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் 0.04 என்பது 16,000 ரூபாய். மூட்டை திரும்பிப்போன நாளில் ரசீதை வாங்கி அட்டையோடு சேர்த்துக் குத்திவைப்பவர்கள் காரணத்தோடுதான் செய்கிறார்கள்.

ஒரே 60, வேறு வேறு விலை

4.8 சதவிகிதம் என்ற ஒற்றை எண்ணைப் பார்த்தால் எல்லாச் சாவும் ஒன்றுபோலத் தெரியும். அட்டையைத் தேதி வாரியாகப் படித்தால் அப்படி இல்லை.

இந்த ஷெட்டில் முதல் வாரத்திலேயே 60 குஞ்சுகள் இறந்திருந்தன. 1.2 சதவிகிதம். முதல் வாரத்தில் ஒரு சதவிகிதத்தை ஒட்டி இழப்பு இருப்பது பெரும்பாலான பண்ணைகளில் நடப்பதுதான். பொரிப்பகத்திலேயே நலிந்த குஞ்சு, தொப்புள் சரியாக மூடாத குஞ்சு, பயணத்தில் வாடியது, புரூடர் வெப்பம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கியது எனக் காரணங்கள் பல. இவை ஒவ்வொன்றும் சாகுமுன் சாப்பிட்டிருக்கக்கூடியது 100 கிராமோ அதற்கும் குறைவோதான். 60-க்கும் சேர்த்து 6 கிலோ.

31-ம் நாளிலிருந்து 34-ம் நாள் வரை இதே ஷெட்டில் இன்னொரு 60 இறந்தன. அதே 1.2 சதவிகிதம்தான். ஆனால், இந்தக் கோழி ஒவ்வொன்றும் அதற்குள் 2.3 கிலோ தீவனத்தைத் தின்று முடித்திருந்தது. 60-க்கும் சேர்த்து ஏறக்குறைய 140 கிலோ. மூட்டைக் கணக்கில் மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. தீவனம் மேல்வரியில் நிற்கிறது. அதற்கு ஈடான எடை கீழ்வரியில் இல்லை. ஒன்றரைக் கிலோ தாண்டிய கோழிகள் தராசு ஏறாமல் குழிக்குப் போய்விட்டன.

இதனால்தான் இறப்பு சதவிகிதம் சமமாக இருக்கும் இரண்டு பண்ணைகளின் எஃப்.சி.ஆர். வேறாக இருக்கிறது. கோழி செத்த நாளும் கணக்கில் ஒரு உருப்படி.

பல்கலைக்கழக ஆய்வுகளில் இறந்த கோழியின் எடையையும் கீழ்வரியில் சேர்த்துக்கொள்வதுண்டு. எந்தத் தீவனம் நல்லது என்று ஒப்பிட அது நியாயமான முறை. பண்ணைக் கணக்கில் அந்தச் சலுகை இல்லை. விற்ற எடை மட்டும்தான் எடை.

31-ம் நாள் அட்டை சொன்னது

அந்த நான்கு நாள்களில் என்ன நடந்தது? அட்டையில் வயது, இறப்பு, மீதிக் கோழி, தின்ற மூட்டை என்று நான்கு பத்திகள் இருக்கின்றன.

28-ம் நாள் முடிவில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. மொத்தம் 140 இறப்பு, மீதி 4,860 கோழி. அன்று ஷெட்டின் முன், நடு, பின் மூன்று இடத்திலும் கூடையில் பிடித்து எடை போட்டதில் சராசரி 1.3 கிலோ. 184 மூட்டை தீர்ந்திருந்தது. 9,200 கிலோ தீவனம், 6,318 கிலோ கோழி, விகிதம் 1.46. இந்த இடைக்கால எண்ணைப் பார்த்துப் புதியவர்கள் மகிழ்ந்துவிடக் கூடாது. வயது ஏற ஏற, தின்பதில் பெரும்பங்கு இருக்கும் உடம்பைக் காப்பதற்கே போய்விடும். அதனால் கடைசி வாரங்களில் விகிதம் ஏறித்தான் தீரும். 28-ம் நாளில் இருப்பதை 40-ம் நாளோடு ஒப்பிட முடியாது. போன பேட்ச்சின் 28-ம் நாளோடுதான் ஒப்பிட வேண்டும்.

30-ம் நாள்: இறப்பு 4, மீதி 4,851, தீவனம் 12½ மூட்டை. கோழிக்கு 129 கிராம்.

31-ம் நாள்: இறப்பு 5, மீதி 4,846, தீவனம் 11 மூட்டை. கோழிக்கு 113 கிராம்.

32-ம் நாள்: இறப்பு 14, மீதி 4,832, தீவனம் 9 மூட்டை. கோழிக்கு 93 கிராம்.

33-ம் நாள்: இறப்பு 28.

31-ம் நாளை மட்டும் மறுபடி பாருங்கள். இறப்பு ஐந்துதான். 5,000 கோழி ஷெட்டில் ஒரு நாளைக்கு நான்கைந்து சாவது வழக்கம். இறப்புப் பத்தியை மட்டும் பார்ப்பவர் நிம்மதியாகப் போய்த் தூங்கியிருப்பார். ஆனால், அடுத்த பத்தி சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது. இந்த வயதில் கோழி நேற்றைவிட இன்று கொஞ்சமாவது கூடுதலாகத் தின்ன வேண்டும். இங்கோ ஒரே நாளில் கோழிக்கு 15 கிராம் குறைந்திருக்கிறது. கோழி சாவதற்கு முன் தின்பதை நிறுத்துகிறது. அதனால் சாவு எண்ணிக்கை ஏறுவதற்கு ஒருநாள் முன்பே தீவன எண்ணிக்கை இறங்கிவிடும்.

இதை மூட்டைக் கணக்காக மட்டும் பார்த்தால் கண்ணில் படாமல் போகலாம். '12½ இருந்தது, 11 ஆகியிருக்கு, கோழியும் நாலஞ்சு செத்திருக்கில்ல' என்று மனது சமாதானம் சொல்லும். மீதிக் கோழியால் வகுத்து, கோழிக்கு எத்தனை கிராம் என்று எழுதியவுடன்தான் சமாதானத்துக்கு இடமில்லாமல் போகும்.

தீவனம் இறங்கினால் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. கறிக்கோழி தான் தின்னும் எடையைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். சித்திரை வெயிலில் இன்னும் கூடும். தண்ணீர் இறங்காத தொண்டையில் தீவனமும் இறங்காது. 33-ம் நாள் மதியம் அட்டையைப் புரட்டிய சூப்பர்வைசர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும்.

"ஏனுங்க்கா, மேக்கால தண்ணி லைனு தட்டிப் பாத்தீங்களா?"

"இல்லீங்க தம்பி. டேங்க் நெறஞ்சேதான் இருக்குது."

"அதுதானுங்க்கா சங்கதி. ஏன் நெறஞ்சே இருக்குது?"

கொங்குப் பகுதியின் ஆழ்துளைக் கிணறுகளில் பல இடங்களில் உப்புத் தண்ணீர். அந்த உப்பு குழாயின் உள்ளே படிந்து, கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிளை அடைத்துவிடும். மேற்குப் பக்க வரிசை ஒன்றில் பாதி நிப்பிள்கள் சொட்டவில்லை. அந்தப் பக்கத்துக் கோழிகள் மற்ற வரிசைகளுக்கு முண்டியடித்தன. பிற்பகல் வெயிலில், நெரிசலில், எடை கூடிய கோழிகள்தான் முதலில் மூச்சிரைத்து விழுந்தன. லைனைக் கழற்றி, ஆசிட் கரைசல் விட்டு அலசியதும் 34-ம் நாள் 11½ மூட்டை, 35-ம் நாள் 13 மூட்டை என்று அட்டை நிமிர்ந்தது. இறப்பும் 13 ஆகி, பிறகு 6 ஆனது.

தண்ணீர் சரியாக இருந்து தீவனம் இறங்கினால் அப்போதுதான் நோய்ப் பக்கம் திரும்ப வேண்டும். எச்சத்தில் ரத்தம் தெரிகிறதா, மூச்சில் கரகரப்பா, ஒரே மூலையில் குவிகின்றனவா என்று பார்த்து, அன்று இறந்த கோழியைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். அட்டை எப்போது என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது.

சில பண்ணைகளில் தண்ணீர் மீட்டர் போட்டு அதற்கும் ஒரு பத்தி வைத்திருக்கிறார்கள். இந்த ஷெட்டில் அது இருந்திருந்தால் 31-ம் நாள் மாலையே சேதி தெரிந்திருக்கும்.

செல்போனில் மூன்று சூத்திரம்

அட்டைக்குப் பதில் செல்போனில் எழுதுபவர்கள் கூடிவருகிறார்கள். இதற்குப் பெரிய ஆப் எதுவும் அவசியமில்லை; சாதாரண ஷீட் ஒன்று போதும். A-யில் வயது, B-யில் அன்றைய இறப்பு, C-யில் அன்று தின்ற மூட்டை. இந்த மூன்றை மட்டும் கையால் எழுத வேண்டும். மீதிக் கோழி (D), கோழிக்கு எத்தனை கிராம் (E), இதுவரை இறப்பு சதவிகிதம் (F) ஆகியவற்றை ஷீட்டே போட்டுக்கொள்ளும். இரண்டாம் வரியில் இப்படி எழுதி, கீழே இழுத்துவிட வேண்டியதுதான்:

```
D2: =5000-SUM(B$2:B2)
E2: =C2*50*1000/D2
F2: =SUM(B$2:B2)/5000*100
```

கோழியை இரண்டு மூன்று தடவையாகப் பிடிக்கும் பண்ணைகளில், பிடித்துப்போன கோழிகளையும் D-யில் கழித்தாக வேண்டும். இல்லையென்றால் கடைசி நாள்களில் கோழிகள் திடீரெனப் பட்டினி கிடப்பதுபோல E காட்டும்.

ஷீட் ஒன்றை மட்டும் செய்யாது. காலையில் ஷெட்டுக்குள் நடந்து, மூலைமுடுக்கில் கிடக்கும் செத்த கோழியைப் பொறுக்காது. தேடாமல் விட்ட கோழி அன்றைக்கு 'உயிரோடு' எழுதப்படும். அதோடு, 'தின்ற மூட்டை' என்பது உண்மையில் 'பிரித்த மூட்டை'தான். தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் கோழி அலகால் தள்ளித் தரையில் சிந்தும். எலியும் தன் பங்கை எடுக்கும். அட்டைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கோழி தின்றதாகவே எழுதிக்கொள்ளும். இறப்பும் இல்லை, நோயும் இல்லை, எடை மட்டும் வரவில்லை என்றால் குனிந்து தொட்டிக்கு அடியில் பார்க்க வேண்டும். தொட்டியின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு இருக்கிறதா என்று பார்த்து, வளர வளரக் கயிற்றை ஏற்றிக் கட்டுவது இதற்காகத்தான்.

இரண்டு கிலோவுக்கு இழுத்து வருவது

பேட்ச் முடிந்ததும் பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு ஒப்பிடாமல் யாராலும் இருக்க முடியாது. "எனக்கு 1.58 வந்துது, உங்களுக்கு 1.66-ஆ?" என்பார் அவர். அவருடைய கோழிகளை நிறுவனம் 1.7 கிலோவிலேயே பிடித்துவிட்டது என்பதைச் சொல்லமாட்டார். சின்னக் கோழிக்கு எஃப்.சி.ஆர். இயல்பாகவே குறைவாகத்தான் இருக்கும்.

இந்த வழக்கைத் தீர்க்க ஒரு திருத்தம் வைத்திருக்கிறார்கள். எல்லாக் கோழியையும் 2 கிலோவுக்கு இழுத்துவந்து பார்ப்பது. 2-லிருந்து சராசரி எடையைக் கழித்து, கால் பங்காக்கி, எஃப்.சி.ஆரோடு சேர்க்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்கு 2-ல் 1.7 போக 0.3, அதில் கால் பங்கு 0.075. கூட்டினால் 1.655. நம் ஷெட்டுக்கு எடை 2.1 என்பதால் 0.1 கூடுதல், அதில் கால் பங்கு 0.025-ஐக் கழித்தால் 1.635. தண்ணீர் லைன் அடைத்து நான்கு நாள் தவித்தபிறகும் நம் ஷெட்தான் முன்னால் நிற்கிறது. 'சி.எஃப்.சி.ஆர்.' என்று ரசீதில் வரும் எண் இதுதான். இந்தக் கால் பங்கு ஓர் உத்தேசக் கணக்கு என்பதால் எடை வித்தியாசம் அதிகமாக அதிகமாக நம்பகம் குறையும். ஒரு கிலோ கோழியையும் மூன்று கிலோ கோழியையும் இதை வைத்து ஒப்பிடக் கூடாது.

கடைசி வேலை, தலை எண்ணுவது. இறங்கியது 5,000. இறந்தது 240, லாரி ஏறியது 4,760. கூட்டினால் சரியாக 5,000. இப்படி அமைவது அபூர்வம். பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு உதைக்கும். குஞ்சு இறங்கும்போது பெட்டியை எண்ணாமல் விட்டது, நாய் தூக்கியது, நெரிசலில் மட்கிப்போனது என்று காரணம் இருக்கும். அட்டையில் எழுதாதவரை அவை 'குறைவு' என்ற தலைப்பில்தான் போகும். எப்படிச் செத்தது என்று சொல்ல முடிந்தால் இறப்பு, முடியாவிட்டால் குறைவு. சில ஒப்பந்தங்களில் குறைவுக்குத் தனிப் பிடித்தம் உண்டு.

ஊரிலிருந்து மாப்பிள்ளை வந்த அன்று ஷெட்டுக்குப் போய்ப் பிடித்துவந்த இரண்டு கோழிகளும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. அனுபவப்பட்டவர்கள் பிடிப்பதற்கு முன்பே சூப்பர்வைசருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, தராசில் வைத்து, அன்றைய தேதியில் 'வீட்டுக்கு 2, எடை 3.9' என்று எழுதிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறார்கள்.